அந்த 11 விழுக்காடு எங்கிருந்து வந்தது?

சென்ற ஆண்டு அக்டோபர் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை பின்னிரவு 2 மணி இருக்கும். பாட்டி என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டு எழுந்து ஓடினேன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். உடை முழுவதும் வியர்வையில் நனைந்திருந்தது. இரண்டு கைகளும் நடுங்கிக்கொண்டிருந்தன.

“ஒரு மாதிரியா வருதுய்யா. தலை சுத்துது,” என்றார்.

அம்மாவுக்கு அன்று இரவு வேலை. அப்பா ஊரில் இல்லை. பாட்டிக்குப் பல ஆண்டுகளாக நீரிழிவு இருப்பதால் சர்க்கரை பார்க்கும் கருவி வீட்டில் உண்டு. விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தை வைத்தேன். திரையில் 3.2 என்று வந்தது.

நீரிழிவு பற்றி நான் எழுதிய கட்டுரைதான் உடனே நினைவுக்கு வந்தது. இரண்டு நாளுக்கு முன்னர்தான் எழுதி முடித்திருந்தேன். அதில், “இரத்தத்தில் சர்க்கரை 70க்குக் கீழே போனால் ஆபத்து” என்று எழுதியிருந்தேன். 3.2 என்பது 70க்குக் கீழேதான். ஆனால் நன்றாக இருக்கும் நாளிலும் பாட்டியின் கருவி 6 அல்லது 7 என்றுதானே காட்டும்? அதுவும் 70க்குக் கீழேதானே? நானே எழுதிய வரி, எனக்குத் தேவைப்பட்ட நேரத்தில் எதையும் சொல்லவில்லை.

நல்லவேளையாக, பலதுறை மருந்தகத்தில் கொடுத்த தாள் ஒன்றை அம்மா குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைத்திருந்தார். 4.0க்குக் கீழே இருந்தால், உணர்வோடு விழுங்க முடிந்தவருக்கு உடனே 3 தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுக்கவேண்டும், 15 நிமிடம் கழித்து மறுபடியும் பார்க்கவேண்டும் என்று அதில் இருந்தது. அப்படியே செய்தேன். இரண்டாவது முறை 4.8 வந்தது. பிறகு பாட்டி நான்கு பிஸ்கட் சாப்பிட்டார். நடுக்கம் நின்றது.

“ராத்திரி என்ன சாப்பிட்டீங்க பாட்டி?” என்று கேட்டேன்.

“காய்கறி சூப்பு மட்டுந்தான். நீதானே எழுதியிருந்த, ராத்திரியில சோறே வேண்டாம்னு.”

எழுத்துப் பிழை பார்த்துத் தரும்படி அந்தக் கட்டுரையைப் பாட்டியிடம் கொடுத்தவன் நான்தான். அவர் பிழையைப் பார்த்தார். அதோடு, பேரன் எழுதியதை நம்பவும் செய்தார்.

மூன்று வரிகள், மூன்று தவறுகள்

மறுநாள் காலை பாட்டியை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். மாத்திரை சாப்பிடும்போது உணவை இப்படித் திடீரென்று குறைக்கக்கூடாது என்று அவர் விளக்கினார். மருந்தின் அளவையும் மறுபரிசீலனை செய்தார். வீடு திரும்பியதும் என் கட்டுரையைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் மின்னிதழுக்காக எழுதிய கட்டுரை அது. நவம்பர் 14ஆம் தேதி உலக நீரிழிவு தினம் என்பதால் அதையொட்டி வெளியாகவேண்டும். அதிலிருந்த மூன்று வரிகளை இங்கே அப்படியே தருகிறேன்.

“தினமும் ஒரு தட்டு வெள்ளைச் சோறு சாப்பிட்டால் நீரிழிவு வரும் வாய்ப்பு 11 விழுக்காடு.”

“எனவே, இரவில் சோற்றை அறவே நிறுத்துங்கள்.”

“இரத்தத்தில் சர்க்கரை 70க்குக் கீழே போனால் ஆபத்து.”

இவற்றில் எதையும் நான் கற்பனையாக எழுதவில்லை. எல்லாமே எங்கேயோ படித்தவைதான். 11 என்ற எண்ணை ஐந்து இணையப் பக்கங்களில் பார்த்திருந்தேன். ஐந்து இடத்தில் இருந்தால் அது உறுதியான செய்தி என்று நினைத்தேன்.

அந்த ஐந்து பக்கங்களையும் இப்போது ஒவ்வொன்றாகத் திறந்து, இந்த எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்பதுபோல் பின்னோக்கிப் போனேன். முதல் பக்கம் இரண்டாவது பக்கத்தைக் காட்டியது. மூன்றாவதும் நான்காவதும் 2016ஆம் ஆண்டுச் செய்தி ஒன்றைக் காட்டின. ஐந்தாவது எதையும் காட்டவில்லை, ஆனால் அதன் வாக்கியங்கள் நான்காவதில் இருந்தவையே. ஆக, எனக்கு ஐந்து ஆதாரங்கள் இருக்கவில்லை. ஒரே ஆதாரம்தான் ஐந்து முறை எதிரொலித்திருந்தது.

சிங்கப்பூர் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்த ஆண்டு 2016. அந்த ஆண்டு மே மாதம், சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் அப்போதைய தலைமை நிர்வாகி வெள்ளைச் சோறு பற்றிப் பேசியது இங்குப் பெரிய செய்தியானது. அவர் சுட்டிக்காட்டியது 2012ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஹார்வர்ட் ஆய்வாளர்களின் கட்டுரையை. சோற்றையே விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. பழுப்பு அரிசியைக் கொஞ்சம் கலந்துகொள்ளலாம் என்பதே அவருடைய யோசனை. அந்தப் பகுதி, நான் படித்த ஐந்து பக்கங்களில் ஒன்றில்கூட இல்லை.

மூலக் கட்டுரையிடம் நான்கு கேள்விகள்

அந்த ஆய்வுக் கட்டுரையை இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். புள்ளிவிவரப் பகுதி எனக்கு முழுமையாகப் புரியவில்லை. ஆனால் ஒரு செய்தியைச் சரிபார்க்க அந்தப் பகுதி முழுவதும் புரியவேண்டியதில்லை. நான்கு கேள்விகளுக்கு விடை கிடைத்தால் போதும்.

யாரிடம் ஆய்வு செய்தார்கள்? இது ஏற்கெனவே வெளியான நான்கு ஆய்வுக் கட்டுரைகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்ட ஆய்வு. 350,000க்கும் அதிகமானோரை 4 முதல் 22 ஆண்டுகள் வரை கவனித்த தரவு. எண்ணிக்கை பெரியதுதான். ஆனால் அவர்கள் சீனா, ஜப்பான், அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நான்கு நாட்டவர்கள். இந்தியாவில் நடந்த ஆய்வோ சிங்கப்பூரில் நடந்த ஆய்வோ அதில் இல்லை. நானோ, “நம் சமூகத்தினருக்கு” என்று தொடங்கி எழுதியிருந்தேன்.

எவ்வளவு? செய்தியில் ‘ஒரு தட்டு’ என்று இருந்தது. ஆய்வில் இருந்த அளவு ஒரு பரிமாறல், அதாவது சமைத்த சோறு 158 கிராம். தராசை எடுத்து, பாட்டி வழக்கமாகச் சாப்பிடும் அளவுக்குச் சோற்றைத் தட்டில் போட்டு நிறுத்துப் பார்த்தேன். 310 கிராம் வந்தது. எங்கள் வீட்டின் ஒரு தட்டு, ஆய்வின் அளவில் ஏறக்குறைய இரண்டு. தட்டு என்ற சொல் வீட்டுக்கு வீடு மாறும். கிராம் மாறாது.

எதோடு ஒப்பிட்டு? இங்கேதான் என் முதல் வரி அடியோடு சரிந்தது. வாய்ப்பு 11 விழுக்காடு என்று ஆய்வு சொல்லவில்லை. நாள் ஒன்றுக்கு ஒரு பரிமாறல் கூடும்போது வாய்ப்பு 11 விழுக்காடு கூடுகிறது என்றுதான் சொன்னது. ‘கூடுகிறது’ என்ற ஒரு சொல்லை நான் விட்டிருந்தேன்.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். வெறும் எடுத்துக்காட்டாக, 1,000 பேர் உள்ள ஒரு குழுவில் சில ஆண்டுகளில் 100 பேருக்கு நீரிழிவு வருவதாக வைத்துக்கொள்வோம். அதாவது 10 விழுக்காடு. அவர்களைப் போலவே இன்னொரு 1,000 பேர், நாளுக்கு ஒரு பரிமாறல் கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள். 11 விழுக்காடு கூடினால், அங்கு 100 என்பது 111 ஆகும். பத்தோடு பதினொன்றைக் கூட்டி 21 விழுக்காடு, 210 பேர் என்று ஆகிவிடாது. 111க்கும் 210க்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். அடிப்படை எண்ணைச் சொல்லாமல் ‘11 விழுக்காடு கூடும்’ என்று மட்டும் எழுதினால், படிப்பவர் இந்த இரண்டில் எதை நினைத்துக்கொள்வார் என்பது நம் கையில் இல்லை.

காரணமா, தொடர்பா? இது மக்களைப் பல ஆண்டுகள் கவனித்துப் பார்த்த ஆய்வு. ஒரு குழுவுக்குச் சோறு கொடுத்து, இன்னொரு குழுவுக்குக் கொடுக்காமல் நடத்திய சோதனை இல்லை. அதிகம் சோறு சாப்பிடுவோர் வேறு பல வகைகளிலும் மற்றவர்களிடமிருந்து மாறுபட்டிருக்கலாம். ஆய்வாளர்கள் அவற்றைக் கணக்கில் கொள்ள முயல்வார்கள், ஆனால் எல்லாவற்றையும் கழித்துவிட முடியாது. அதனால் இங்குத் ‘தொடர்புடையது’ என்ற சொல்தான் பொருந்தும். ‘சோற்றால் நீரிழிவு வருகிறது’ என்று எழுதினால், ஆய்வாளர்களே சொல்லாத ஒன்றை நாம் அவர்கள் வாயில் திணிக்கிறோம்.

இன்னும் இரண்டு ஆய்வுகள்

ஓர் ஆய்வைப் படித்ததும் நிறுத்தியிருந்தால் வேறொரு தவறு செய்திருப்பேன். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்றும் தேடினேன். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டித் தரும் ‘பப்மெட்’ தளத்தில், வெள்ளை அரிசி, நீரிழிவு ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் கொடுத்தால் பட்டியல் வரும். முழுக் கட்டுரை கிடைக்காவிட்டாலும் சுருக்கத்தைப் படிக்கலாம்.

சிங்கப்பூரிலேயே நடந்த ஓர் ஆய்வு கிடைத்தது. 1990களில் சேர்க்கப்பட்ட 45,000க்கும் மேற்பட்ட சீன இனத்தவரைச் சராசரியாக 11 ஆண்டுகள் கவனித்தது அது. இந்த ஆய்வில், அதிகம் சோறு சாப்பிட்டவர்களுக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களுக்கும் இடையே சொல்லும்படியான வேறுபாடு தெரியவில்லை. சோற்றுக்குப் பதில் எதைச் சாப்பிட்டார்கள் என்பதே முக்கியமாக இருந்தது. அந்த இடத்தில் நூடல்ஸோ சிவப்பு இறைச்சியோ வந்தால் நீரிழிவு வாய்ப்பு கூடுதலாகவும், முழுதானிய ரொட்டி வந்தால் குறைவாகவும் காணப்பட்டது.

அப்படியானால் சோறு குற்றமற்றது என்று எழுதிவிடலாமா? எனக்கும் அந்த ஆசை வந்தது. ‘சோற்றின் மீது பழி’ என்று தலைப்புகூட யோசித்துவிட்டேன். ஆனால் 2020ல் ‘டயபெட்டிஸ் கேர்’ சஞ்சிகையில் வந்த ஆய்வு அதைத் தடுத்தது. 21 நாடுகளில் 132,000க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்த ஆய்வு அது. நாளுக்கு 450 கிராமும் அதற்கு மேலும் வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களை, 150 கிராமுக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டார்கள். மொத்தத்தில் நீரிழிவு வாய்ப்பு 20 விழுக்காடு கூடுதலாக இருந்தது. தெற்காசியாவில் மட்டும் 61 விழுக்காடு கூடுதல். சீனாவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

மூன்று ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. எனக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் மறைத்தால் கட்டுரை விறுவிறுப்பாக இருக்கும். ஆனால் அது உண்மையாக இருக்காது. அவை எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்று சொல்வதுதான் என் வேலை என்று அப்போது புரிந்தது.

70 எப்படி 3.9 ஆனது?

மூன்றாவது வரிக்கு வருவோம். அந்த 70ஐத் தமிழ்நாட்டு மருத்துவர் ஒருவரின் தமிழ்க் காணொளியிலிருந்து எடுத்திருந்தேன். அவர் சொன்னது சரி. தவறு என்னுடையது.

இந்தியாவில் இரத்தச் சர்க்கரையை ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளக்கிறார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று அளக்கிறோம். பாட்டியின் கருவியில் எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் mmol/L என்று இருக்கிறது. அதுவரை நான் அதைக் கவனித்ததே இல்லை. நம் எண்ணை 18ஆல் பெருக்கினால் இந்திய எண் வரும். இந்திய எண்ணை 18ஆல் வகுத்தால் நம்முடையது வரும். 70ஐ வகுத்தால் 3.9. பாட்டிக்கு அன்று வந்த 3.2ஐப் பெருக்கினால் ஏறக்குறைய 58.

தமிழில் எழுதும் நமக்கு இது அடிக்கடி வரும் சிக்கல். தமிழில் கிடைக்கும் மருத்துவத் தகவல்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் உருவாகிறது. கொழுப்பின் அளவுக்கும் இதே நிலைமைதான். அதற்குப் பெருக்கும் எண்ணும் வேறு. மொழி ஒன்றாக இருப்பதால் அளவும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்கிறோம். எண்ணுக்குப் பின்னால் அலகு இல்லாத எந்த வரியையும் இப்போது நான் கட்டுரையில் விட்டுவைப்பதில்லை.

வினைச்சொற்களைத் தேடுங்கள்

எண்கள் எல்லாம் சரியாகிவிட்டன. ஆனாலும் பாட்டியை அன்றிரவு நடுங்கவைத்தது எண் அல்ல, இரண்டாவது வரியில் இருந்த ‘நிறுத்துங்கள்’ என்ற ஒரு சொல்.

எனக்குத் தெரிந்த மூத்த மாணவர் ஒருவரின் அக்கா மருத்துவமனையில் மருந்தாளராகப் பணியாற்றுகிறார். நடந்ததை அவரிடம் சொன்னேன். பாட்டி என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்றுதான் அவர் முதலில் கேட்டார். மெட்ஃபார்மின், கிளிக்லசைடு என்றேன்.

“மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுறவங்களுக்குச் சர்க்கரை இப்படி இறங்குறது அபூர்வம், தம்பி. கிளிக்லசைடு அப்படியில்ல. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். பாட்டி அன்னிக்குச் சோறு சாப்பிடலங்கிறது மாத்திரைக்குத் தெரியாதே. அது பாட்டுக்கு வேலை செஞ்சிருக்கு,” என்றார்.

இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு என்றார். நல்ல உடல்நிலையில் இருக்கும் இருபது வயது மாணவர் ஒருவேளை சோற்றைத் தவிர்த்தால் பசிக்கும், அவ்வளவுதான். அதே வரியை இந்த மருந்து சாப்பிடும் ஒருவர் பின்பற்றினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். எழுதும்போது என் மனத்தில் இருந்த வாசகர் மாணவர். ஆனால் நீரிழிவுக் கட்டுரையை அக்கறையோடு கடைசிவரை படிப்பவர் பெரும்பாலும் நீரிழிவு உள்ளவராகவோ அவர் வீட்டாராகவோதான் இருப்பார்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கட்டுரையை முடித்ததும், வாசகரை ஏதாவது செய்யச் சொல்லும் வினைச்சொற்களுக்கெல்லாம் மஞ்சள் நிறம் தீட்டுவேன். நிறுத்துங்கள், குடியுங்கள், தவிருங்கள், போதும், தேவையில்லை. பிறகு ஒவ்வொன்றிடமும், ‘மருந்து சாப்பிடும் ஒருவர் இதை இன்றிரவே செய்தால் என்ன ஆகும்?’ என்று கேட்பேன். பதில் எனக்குத் தெரியாவிட்டால் அந்த வினைச்சொல் போகும், அல்லது நிபுணரிடம் கேட்கும் பட்டியலில் சேரும்.

என் கட்டுரையில் ஒன்பது சொற்கள் மஞ்சளாகின. அவற்றில் ஒன்று, பாகற்காய்ச் சாற்றைத் தினமும் குடித்தால் ‘மாத்திரையைக் குறைக்கலாம்’ என்று முடிந்தது. பாகற்காய் சர்க்கரையைக் குறைக்கும் என்று நம் வீடுகளில் நெடுங்காலமாகச் சொல்வதுண்டு. சமையலில் சாப்பிடுவதைப் பற்றி எழுதலாம். ஆனால் மாத்திரையைக் குறைப்பது நோயாளியும் மருத்துவரும் சேர்ந்து எடுக்கும் முடிவு. அதை நான் ஒரு வாக்கியத்தில் எடுத்துக் கொடுத்திருந்தேன். அந்தப் பத்தி முழுவதையும் நீக்கினேன்.

“நல்லா இருக்கு” என்பது சரிபார்ப்பு அல்ல

நிபுணரிடம் கேட்பது எப்படி என்பதையும் தவறு செய்துதான் கற்றேன். திருத்திய 1,200 சொல் கட்டுரையை அந்த மருந்தாளர் அக்காவுக்கு அனுப்பி, “சரியா இருக்கான்னு பாருங்கக்கா” என்று மட்டும் எழுதினேன். நான்கு நாள் கழித்து, “நல்லா இருக்கு தம்பி, வாழ்த்துகள்” என்று பதில் வந்தது.

அவர்மீது தவறில்லை. வேலை முடிந்து களைப்போடு வரும் ஒருவரிடம் 1,200 சொற்களைக் கொடுத்து, எதைப் பார்க்கவேண்டும் என்றும் சொல்லாமல் விட்டால் வேறென்ன பதில் வரும்? இரண்டாம் முறை வேறு விதமாக அனுப்பினேன். ஐயமுள்ள ஏழு வரிகளை மட்டும் எண் போட்டுத் தனியாக எழுதினேன். ஒவ்வொன்றின் கீழும் அதன் ஆதாரத்தையும், எனக்கு எங்கே சந்தேகம் என்பதையும் ஒரு வரியில் குறிப்பிட்டேன். கடைசியில் ஒரு கேள்வி கேட்டேன்: “இதைப் படித்துவிட்டு உங்களிடம் மருந்து வாங்கும் ஒருவர் தவறாக என்ன செய்துவிடக்கூடும்?”

அன்றிரவே பதில் வந்தது. நான்கு வரிகள் சரி. இரண்டை மாற்றவேண்டும். ஒன்றுக்கு, “இது என் துறை இல்ல தம்பி. சோறு எவ்வளவுங்கிறத உணவு நிபுணர்கிட்ட கேளு” என்று எழுதியிருந்தார். அந்தப் பதிலைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். தம் துறையின் எல்லை எங்கே முடிகிறது என்று சொல்லும் நிபுணரின் மற்ற பதில்களை நம்பலாம். பிறகு அவர் மூலமாகவே உணவு நிபுணர் ஒருவரிடம் அந்த ஒரு வரியை மட்டும் கேட்டேன். நோயில்லாத பொதுமக்களுக்கு என்றால், சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் தட்டு வழிகாட்டியை எழுதலாம் என்றார். தட்டில் கால் பங்கு முழுதானியம், கால் பங்கு புரதம், பாதி காய்கறியும் பழமும். நீரிழிவு உள்ளவருக்கு எத்தனை கிராம் என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், எண் எதுவும் போடவேண்டாம் என்றார்.

மருந்தாளர் அக்கா ஒரு நிபந்தனையும் வைத்தார். கடைசி வடிவத்தைக் காட்டாமல், ‘மருந்தாளர் சரிபார்த்தது’ என்று போடக்கூடாது. அதன் காரணம் ஒரே வாரத்தில் புரிந்தது. பக்கம் வடிவமைத்த நண்பன் என் தலைப்பு நீளமாக இருக்கிறது என்று, ‘சோற்றை விடு, நீரிழிவை வெல்!’ என்று மாற்றியிருந்தான். உள்ளே ஒவ்வொரு வரியையும் அளந்து எழுதிவிட்டு, வெளியே பெரிய எழுத்தில் அதே பழைய தவறு. தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவனிடம் பாட்டியின் கதையைச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் மாற்றினான். தலைப்பு, படத்தின் கீழ்வரும் குறிப்பு, பெட்டிச் செய்தி மூன்றையும் சேர்த்துத்தான் கடைசி வடிவத்தை அக்காவுக்கு அனுப்பினேன்.

வெளிவந்த பத்தி

முதலில் எழுதிய மூன்று வரிகளின் இடத்தில், நவம்பரில் வெளிவந்த பத்தி இது:

“வெள்ளைச் சோறு அதிகம் சாப்பிடுவோரிடையே நீரிழிவு கூடுதலாகக் காணப்படுவதாகச் சில பெரிய ஆய்வுகள் சொல்கின்றன. தெற்காசியாவில் இந்தத் தொடர்பு வலுவாகத் தெரிகிறது. சிங்கப்பூர்ச் சீனர்களிடையே நடந்த ஆய்வில் அப்படித் தெரியவில்லை. சோற்றுக்குப் பதில் எதைச் சாப்பிடுகிறோம் என்பதே அங்கு முக்கியமாக இருந்தது. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள், உணவின் அளவைக் குறைக்கும் முன்னர் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ பேசவேண்டும். சில மருந்துகளை எடுத்துக்கொண்டு உணவைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். சிங்கப்பூர்க் கருவிகளில் 4.0 மில்லிமோலுக்குக் குறைவாக வந்தால் அது தாழ்நிலை.”

பழைய வடிவத்தில் இருந்த வேகம் இதில் இல்லை. 11 விழுக்காடும் இல்லை. அந்த எண் தவறு என்பதால் நீக்கவில்லை. அதைச் சரியாகச் சொல்ல 158 கிராம், நான்கு நாடுகள், அடிப்படை எண் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அதற்கு அந்தப் பத்தியில் இடமில்லை. பாதி மட்டும் சொல்வதைவிடச் சொல்லாமல் விடுவது மேல் என்று முடிவு செய்தேன்.

இதழ் வெளிவந்த அன்று, அச்செடுத்துப் பாட்டியிடம் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார்.

“எழுத்துப் பிழை ஒண்ணும் இல்லய்யா,” என்றார். பிறகு அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்: “அப்ப ராத்திரிக்கு நான் எவ்வளவு சோறு சாப்பிடலாம்?”

“அதை நான் சொல்லக்கூடாது பாட்டி. செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்க்கப் போறோம்ல, அவர்கிட்டயே கேட்போம்,” என்றேன்.